விடுப்பைக் குழுவில் சொல்வதா, மேலாளருக்குத் தனியாக எழுதுவதா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் அணி என்பது சேர்ந்து வேலை செய்பவர்களைக் குறிக்கும். குழு என்பது அவர்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் வாட்ஸ்அப், ஸ்லாக், டீம்ஸ் போன்றவற்றின் குழுவைக் குறிக்கும். பல ஆண்டுகள் அணியில் ஒருவனாகவும் பிறகு அணியை நடத்துபவனாகவும் இருந்தபோது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. பெரும்பாலானவை திடீரென்று எடுக்கும் ஒரு நாள், இரண்டு நாள் விடுப்பைப் பற்றியவை, ஏனெனில் குழப்பம் அதிகம் நடப்பது அங்கேதான்.

குழுவில் போட்டாலே மேலாளரும் பார்த்துவிடுவாரே, தனியாக வேறு எதற்கு எழுத வேண்டும்?

இரண்டு செய்திகளும் செய்யும் வேலை வேறு வேறு என்பதுதான் காரணம். மேலாளருக்கு எழுதும்போது நீங்கள் ஒரு முடிவைக் கேட்கிறீர்கள்: இன்று என்னை விடுவியுங்கள், என் கையில் இருக்கும் வேலையை யாரிடம் தருவது என்று தீர்மானியுங்கள் என்கிறீர்கள். குழுவில் எழுதும்போது முடிவு எதையும் கேட்பதில்லை. இன்று என்னை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள் என்று தகவல் சொல்கிறீர்கள். முடிவு கேட்கும் செய்தியைத் தகவல் சொல்லும் இடத்தில் வைத்தால், அது எல்லோருடைய கண்ணிலும் பட்டும் யாருடைய பொறுப்பும் ஆகாமல் நின்றுவிடும். ஒன்பது பேர் இருக்கும் குழுவில் ஒவ்வொருவரும் இன்னொருவர் கவனித்திருப்பார் என்றே நினைப்பார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, செய்தி அவர்களில் எவருக்கும் எழுதப்பட்டதல்லவே.

மேலாளர் பார்த்துவிடுவார் என்பதும் அவ்வளவு உறுதியானதல்ல. நாள் முழுவதும் செய்தி வரும் குழுவின் ஒலியைப் பலர் அடக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் திறக்கும்போது படிக்காத செய்திகள் 50, 60 என்று நின்றால் கடைசிப் பத்தைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் வழக்கம். விடியற்காலையில் நீங்கள் எழுதியது அந்தப் பத்தில் இருக்காது.

அப்படி நடந்த ஒன்றைச் சொல்ல முடியுமா?

என் அணியிலேயே நடந்தது. அப்போது நான் ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்கைப் பார்க்கும் அணியை நடத்திக்கொண்டிருந்தேன். சம்பள நாளில் வங்கிக்குப் போகும் கோப்பை ஒருவர் வங்கித் தளத்தில் ஏற்றுவார், வேறொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவார்; ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது. ஒப்புதல் தர வேண்டியவர் அணியில் மூத்த பெண் ஒருவர். பிற்பகல் 3 மணிக்குள் ஒப்புதல் விழுந்தால் அன்றே பணம் போய்ச் சேரும், தவறினால் மறுநாள்தான்.

அன்று காலை 6:40-க்கு அவர் குழுவில் இப்படி எழுதினார்: "இரவிலிருந்து காய்ச்சலும் வாந்தியுமாக இருக்கிறது. கொஞ்சமும் தூங்கவில்லை. இன்று வர முடியாது, எல்லோரும் மன்னிக்கவும்." அதன் கீழே உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏழு பதில்கள் வந்தன. பிறகு வேறு பேச்சு தொடங்கி, குழு எப்போதும் போல ஓடியது. நான் 9:30-க்குத் திறந்தபோது என் கண்ணில் பட்டது அந்த வேறு பேச்சுதான். கோப்பை ஏற்றுபவர் 1:50-க்கு அதை ஏற்றிவிட்டு ஒப்புதலுக்காகக் காத்திருந்தார். காலையில் ஆறுதல் சொன்னவர்களில் அவரும் ஒருவர், ஆனால் ஒப்புதலுக்கு மாற்று ஆளை நான் ஏற்பாடு செய்திருப்பேன் என்று நம்பினார். 2:20-க்கு அவர் என்னைக் கூப்பிட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. இன்னொருவருக்கு ஒப்புதல் உரிமையை வாங்க வங்கிக்கு எழுத்தில் கோரிக்கை போக வேண்டும். அது நடந்து முடிவதற்குள் 3 மணி கடந்துவிட்டது. எல்லோருக்கும் சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போயிற்று.

அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை, விடிந்தவுடன் சொல்லவும் செய்தார். அவரால் வர முடியவில்லை என்பது பதில் எழுதிய ஏழு பேருக்கும் தெரிந்திருந்தது. 3 மணிக்குள் ஒப்புதல் வேண்டும் என்பது மட்டும் அந்தச் செய்தியில் இல்லை, அதைக் கேட்டு நடவடிக்கை எடுக்க வேண்டியவனுக்கும் அது போய்ச் சேரவில்லை. விடுப்பை எங்கே சொல்ல வேண்டும் என்று நான் அணிக்கு ஒருநாளும் தெளிவாகச் சொல்லி வைக்காதது என் தவறு.

அவர் எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்தச் செய்தியைத் திருத்தி எழுதிப் பார்த்தோம். எனக்குத் தனியாக வர வேண்டியது இது:

"சார், இரவிலிருந்து காய்ச்சல், இன்று விடுப்பு வேண்டும். இன்று 3 மணிக்குள் சம்பளக் கோப்புக்கு என் ஒப்புதல் தேவை. எனக்குப் பதிலாக ஒருவருக்கு அந்த உரிமையைக் காலையிலேயே வங்கியிடம் வாங்க வேண்டியிருக்கும். 11 மணிக்குப் பிறகு போனை எடுப்பேன். நாளை வர முடியுமா என்பதை இன்று மாலை 6 மணிக்குள் சொல்கிறேன்."

குழுவுக்குப் போக வேண்டியது இது:

"இன்று நான் விடுப்பு. சம்பளக் கோப்பின் ஒப்புதலைப் பற்றி மேலாளருக்கு எழுதியிருக்கிறேன், அதைப் பற்றி அவரிடம் கேளுங்கள். வேறு எதுவும் இன்று என்னிடம் நிலுவையில் இல்லை."

முதல் செய்தியில் காரணம் இரண்டே சொற்களாகச் சுருங்கி, வேலை இரண்டு வாக்கியங்களாக விரிந்திருப்பதைக் கவனியுங்கள். அவர் குழுவில் எழுதியதில் இது நேர்தலைகீழாக இருந்தது: நோயின் விவரம் முழுவதும் இருந்தது, வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. உடம்பு முடியாமல் எழுதும்போது உடம்பைப் பற்றித்தான் எழுத வரும், அது இயல்பு. அதனால்தான் அன்றைக்குக் கெடு இருக்கும் வேலை எது என்பதை நலமாக இருக்கும் நாளிலேயே ஓரிடத்தில் குறித்து வைத்துக்கொள்ளும்படி என் அணியில் சொல்லிவந்தேன். காய்ச்சலோடு படுத்திருப்பவர் அதை யோசித்து எடுக்க வேண்டியதில்லை, பார்த்து எழுதினால் போதும்.

எது முதலில், எது பிறகு? இடையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

மேலாளருக்கு முதலில். திடீர் உடல்நலக் குறைவென்றால் அவருடைய பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அவருக்கு எழுதிய கையோடு குழுவிலும் எழுதிவிடலாம். காய்ச்சலோடு இருப்பவர் வர முடியாது என்பது அனுமதியைப் பொறுத்ததல்ல, அந்த நாள் கணக்கில் எப்படி எழுதப்படும் என்பதுதான் அவருடைய முடிவைப் பொறுத்தது.

திட்டமிட்டு எடுக்கும் விடுப்பில் நிலைமை வேறு. அங்கே மேலாளர் சரி என்று சொல்லும் வரை குழுவில் ஒரு சொல்லும் எழுதக் கூடாது.

ஏன் கூடாது? நான் முன்கூட்டியே சொல்வது அணிக்கு உதவிதானே?

உதவிதான், ஆனால் நாள் உறுதியான பிறகு. உறுதியாகும் முன் குழுவில் "அடுத்த மாதம் 10 முதல் 14 வரை நான் இருக்க மாட்டேன்" என்று எழுதினால் இரண்டு சிக்கல்கள் எழும்.

முதலாவது, அதே நாள்களை இன்னொருவர் ஏற்கெனவே மேலாளரிடம் கேட்டிருக்கலாம். அவர் முறைப்படி தனியாகக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். நீங்கள் எழுதியதைப் பார்த்தவுடன், முந்திக்கொண்டு அறிவித்தவருக்குத்தான் நாள் கிடைக்கும் போலிருக்கிறது என்று நினைப்பார். அடுத்த முறை அவரும் குழுவிலேயே அறிவிப்பார். மேலாளர் ஒருவரிடம் மறுக்க வேண்டிவந்தால் அந்த மறுப்பும் எல்லோர் முன்னிலையிலும் நடக்கும், அது இருவருக்குமே மனக்கசப்பு.

இரண்டாவது, வேலை நாள்களைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவரைத் தாண்டி முடிவு அறிவிக்கப்பட்டுவிடுகிறது. ஊதியத்துடன் கூடிய விடுமுறையைப் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1970-இல் ஏற்ற 132-ஆவது உடன்படிக்கையும் விடுமுறை எப்போது என்பதை, சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ வேறு வகையில் குறிக்காத இடத்தில், தொழிலாளியுடன் கலந்து பேசி வேலை தருபவர் தீர்மானிப்பார் என்றே வைத்திருக்கிறது. அதில் இரண்டு பாதிகளும் முக்கியமானவை: தீர்மானம் அவருடையது, ஆனால் உங்களைக் கலக்காமல் அல்ல. கலந்து பேசுவதென்றால் இருவருக்கும் இடையில் நடக்க வேண்டும், ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவரால் மனம்விட்டு "அந்த வாரம் கடினம், அடுத்த வாரம் முடியுமா?" என்று கேட்கவும் முடியாது, உங்களால் ஏன் அந்த வாரமே வேண்டும் என்று சொல்லவும் முடியாது.

நாள் உறுதியான பிறகு குழுவில் எழுதுவதோடு பொதுவான நாள்காட்டியிலும் குறித்துவிடுங்கள். குழுச் செய்தி மூன்று நாளில் மேலே போய் மறைந்துவிடும்; நாள்காட்டியில் இருப்பது, உங்களைக் கூட்டத்துக்கு அழைக்க நினைக்கும் அந்த நிமிடத்தில் கண்ணில் படும்.

காரணத்தை எவ்வளவு சொல்ல வேண்டும்? சொல்லாமல் விட்டால் பொய் சொல்வதாக நினைப்பார்களே?

குழுவுக்குக் காரணமே தேவையில்லை. "இன்று விடுப்பு" என்பது முழுமையான வாக்கியம். உடன் வேலை செய்பவருக்கு உங்களிடமிருந்து தெரிய வேண்டியவை மூன்றே: எந்த நாள் வரை இருக்க மாட்டீர்கள், உங்களிடம் காத்திருக்கும் வேலையை யாரிடம் கேட்பது, அவசரத்துக்கு உங்களைத் தொடர்புகொள்ளலாமா கூடாதா. காய்ச்சலா, வயிற்றுவலியா, வீட்டில் சிக்கலா என்பதால் இந்த மூன்றில் எதுவும் மாறப் போவதில்லை.

மேலாளருக்குக் காரணத்தின் வகையும் தோராயமான கால அளவும் தெரிந்தால் போதும்: உடல்நலம், ஒரு நாள் அல்லது இரண்டு நாள், குடும்ப அவசரம், இந்த வாரம் முழுவதும். வகை தெரிந்தால்தான் எந்தக் கணக்கில் விடுப்பை எழுதுவது என்று அவரால் சொல்ல முடியும். அதற்கு மேல் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். மருத்துவச் சான்று கேட்கும் விதி உங்கள் இடத்தில் இருந்தால் அதை விதி சொல்லும் இடத்தில் கொடுங்கள். பல இடங்களில் அது மனிதவளப் பிரிவு. மருந்துச் சீட்டைப் படமெடுத்துக் குழுவில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். நம்ப மாட்டார்களோ என்ற அச்சத்தில் செய்வது அது, ஆனால் சான்றைச் சரிபார்க்கும் பொறுப்பு அந்தக் குழுவில் இருக்கும் யாருக்கும் கிடையாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எழுதியது அங்கேயே நிற்கும் என்பதுதான். ஸ்லாக்கின் பொதுவான சானலில் இரண்டு மாதம் கழித்துச் சேருபவரும் உங்கள் பெயரைத் தேடினால் அன்று எழுதியதைப் படிக்கலாம். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் நீக்கும் வசதி சுமார் இரண்டரை நாளுக்குத்தான். அதற்குள் நீக்கினாலும் நீக்கிய தடம் அங்கே தெரியும், படித்தவர் நினைவிலிருந்து அது போகாது. உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துடன் கையாள வேண்டிய வகையாகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டம், தன் 9-ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், அது ஏன் அப்படி வைத்தது என்பது யோசிக்கத்தக்கது.

ஒருவர் தன் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதாகக் குழுவில் எழுதினார். அக்கறையோடுதான் எல்லோரும் விசாரித்தார்கள். ஆனால் அவர் திரும்பி வந்த நாளில் பதினொரு பேர் தனித்தனியாக முடிவு என்னவாயிற்று என்று கேட்டார்கள். அவருக்கோ அது நல்ல முடிவாக வரவில்லை. ஒரு காலைப் பொழுதில் அதைப் பதினொரு முறை சொல்லவோ மறைக்கவோ வேண்டியிருந்தது. "இரண்டு நாள் விடுப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால் யாரிடம் சொல்வது என்று அவரே தேர்ந்தெடுத்திருப்பார்.

குழுவில் எழுதிய விடுப்புக்கு மேலாளர் கட்டைவிரல் குறி போட்டார். அது அனுமதிதானே?

இல்லை. பார்த்தேன் என்பதற்கும், சரி என்பதற்கும், நலம் பெறுங்கள் என்பதற்கும் ஒரே குறியைத்தான் போடுகிறார்கள். மாத இறுதியில் கணக்குப் பார்க்கும்போது அந்த நாள் அனுமதி இல்லாத நாளாக நின்றால் கட்டைவிரலைக் காட்டி வாதாடுவது இருவருக்கும் சங்கடம். அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பத் தளம் இருந்தால் திரும்பி வந்த அன்றே அதில் பதிந்துவிடுங்கள், இல்லையென்றால் மேலாளருக்கு ஒரு வரி மின்னஞ்சல்: "நேற்று நான் எடுத்த ஒரு நாளை உடல்நல விடுப்பாகக் கணக்கில் எழுதலாமா?" அவர் ஆம் என்று எழுதினால் அதுதான் பதிவு.

எங்கள் மேலாளரே எல்லாவற்றையும் குழுவில்தான் போட வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

அவர் சொன்னபடி குழுவில் போடுங்கள், காரணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அப்படிச் சொல்பவர் எதிர்பார்ப்பது காரணத்தை அல்ல. தனித்தனியாக வரும் செய்திகளை அவரே மற்றவர்களுக்குக் கடத்த வேண்டிய சுமையைத் தவிர்க்கத்தான் விரும்புகிறார். அந்தச் சுமை நியாயமானது, நானும் அதைச் சுமந்திருக்கிறேன். ஆகவே "இன்று விடுப்பு, இந்த வேலையை இன்று யார் பார்ப்பார் என்று முடிவு செய்ய வேண்டும்" என்று அவர் பெயரைக் குறிப்பிட்டுக் குழுவிலேயே எழுதினால் அவருடைய தேவை நிறைவேறிவிடும். தனியாகச் சொல்ல வேண்டிய காரணம் இருந்தால் அதை மட்டும் அவருக்கு நேராக எழுதுங்கள்.

காரணத்தையும் எல்லோர் முன்னிலையிலும் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினால், ஒரு முறை நேரில் பேசிப் பாருங்கள். செய்தியில் வாதாட வேண்டாம். "வேலை சம்பந்தமான எல்லாவற்றையும் குழுவில் எழுதுகிறேன், உடல்நலத்தைப் பற்றி உங்களிடம் மட்டும் சொல்ல விரும்புகிறேன்" என்பது எந்த மேலாளரும் மறுக்கக் கடினமான வாக்கியம். அப்படியும் கேட்டால் மனிதவளப் பிரிவிடம் எழுத்து வடிவ விதி என்ன என்று கேளுங்கள். அப்படி ஒரு விதி இருந்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் ஷிப்டில் வேலை செய்கிறோம். ஆள் மாற்றிக்கொள்ளக் குழுதானே வசதி?

ஆம், அங்கே குழுவுக்கு முதலிடம் கொடுப்பது சரியே. ஷிப்டு தொடங்க மூன்று மணி நேரம் இருக்கும்போது மேலாளரால் செய்ய முடிவதும் யார் வரலாம் என்று கேட்பதுதான், அதைக் குழுவே விரைவாகச் செய்துவிடும். ஆனால் ஒருவர் "நான் வருகிறேன்" என்று சொன்னதும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. அட்டவணையில் இன்னும் உங்கள் பெயர்தான் இருக்கிறது. அந்த இன்னொருவர் முந்தைய இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் போதிய ஓய்வில்லாமல் வருகிறாரா, அந்த இயந்திரத்தில் வேலை செய்யத் தகுதி பெற்றவரா என்பதெல்லாம் மேலாளர் பார்க்க வேண்டியவை. "எனக்குப் பதிலாக இன்னார் வர ஒப்புக்கொண்டிருக்கிறார், அட்டவணையை மாற்றிவிடுங்கள்" என்று எழுதி அவர் சரி சொன்ன பிறகே உங்கள் பொறுப்பு கைமாறுகிறது. அதுவரை வராதவர் நீங்கள்தான்.

மேலாளர் பதிலே சொல்லவில்லை, அல்லது அவரே விடுப்பில் இருக்கிறார் என்றால்?

கெடு உள்ள வேலை இருந்தால் போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் அவருக்குப் பதில் பொறுப்பில் இருப்பவருக்கு நேராக எழுதுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால்தான் முடிவு கேட்கும் செய்தியைக் குழுவில் வைக்கலாம். அப்போதும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "மேலாளருக்கு 7 மணிக்கு எழுதினேன், பதில் இன்னும் இல்லை. இந்த அறிக்கையை நீங்கள் 12 மணிக்குள் அனுப்ப முடியுமா?" யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு மணி நேரம் தாமதம், அரை நாள் இல்லை என்பதற்கெல்லாம் இரண்டு செய்தி வேண்டுமா?

வேண்டாம், குழுவில் ஒரு வரி போதும். அந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு கூட்டம் இருந்தால் அதை நடத்துபவருக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.

தானியங்கிப் பதில் வைத்துவிட்டால் இரண்டும் தேவையில்லையே?

தானியங்கிப் பதில் உங்களுக்கு எழுதுபவருக்குத்தான் போகும். உங்களை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் எழுதாமலே காத்திருப்பார். ஆகவே அது மூன்றாவது ஏற்பாடு, முதலிரண்டுக்கு மாற்று அல்ல. வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அவுட்லுக்கில் `Automatic Replies` என்ற இடத்தில் நிறுவனத்துக்குள் இருப்பவருக்கு ஒரு வாசகமும் வெளியே இருப்பவருக்கு ஒரு வாசகமும் தனித்தனியாக எழுதலாம். உள்ளே இருப்பவருக்கு மாற்று ஆளின் பெயரைச் சொல்லுங்கள். வெளியே இருப்பவருக்குத் திரும்பும் நாளும் பொதுவான தொடர்பு முகவரியும் போதும். கூகுள் நாள்காட்டியில் `Out of office` என்று குறித்தால் அந்த நேரத்துக்கு வரும் கூட்ட அழைப்புகளை அதுவே மறுத்துவிடும்படி அமைக்கலாம், எனவே கட்டாயம் கலந்துகொள்ள நினைக்கும் கூட்டம் ஏதும் அதற்குள் சிக்குகிறதா என்று முன்பே பாருங்கள்.

நான் மேலாளர். அணியில் ஒருவர் தன் நோயைப் பற்றிக் குழுவில் நீளமாக எழுதிவிட்டார். எப்படிப் பதில் சொல்வது?

குழுவில் கேள்வி எதுவும் கேட்காதீர்கள். "எப்போது திரும்புவீர்கள்?", "மருத்துவர் என்ன சொன்னார்?" என்று அக்கறையோடு கேட்டாலும், கேட்பவர் மேலாளர் என்பதால் அவர் எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் தர வேண்டியதாகிவிடும். குழுவில் ஒரு வரி மட்டும் எழுதுங்கள்: "சரி, இன்றைய உங்கள் வேலைகளை நான் பிரித்துக் கொடுக்கிறேன்." இதனால் பொறுப்பு உங்களிடம் வந்துவிட்டது என்பது அணிக்கும் தெரியும், ஆறுதல் பேச்சு மேலும் நீளாமலும் நிற்கும். பிறகு தனியாக எழுதி நலம் கேளுங்கள். விவரத்தை நீக்கிவிட விரும்பினால் இப்போதே நீக்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள். அவர் மேல் தவறு கண்டுபிடிப்பதாகத் தோன்றாத வகையில் சொல்வது முக்கியம். முடியாமல் படுத்திருப்பவருக்கு அன்று கண்டிப்பு வேண்டாம், திரும்பி வந்த பிறகு அணி முழுவதற்கும் பொதுவான முறையாகச் சொல்லலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் மேலாளர்களிடம் உண்டு. தனியாக வந்த செய்தியை அப்படியே குழுவுக்கு அனுப்பிவிடுவது அது. கைபேசியில் ஒரு தொடுதலில் முடிகிற வேலை என்பதால் எளிதில் நடந்துவிடுகிறது. ஒருமுறை அப்படி நடந்தால் போதும், அதன் பிறகு உங்கள் அணியில் எவரும் உண்மையான காரணத்தை உங்களுக்கு எழுத மாட்டார்கள். எல்லோருக்கும் எப்போதும் "லேசான காய்ச்சல்" மட்டும்தான் வரும். அணிக்குத் தெரிய வேண்டியதை உங்கள் சொற்களில் புதிதாக எழுதுங்கள்: இன்னார் இன்று இல்லை, அவருடைய இந்த வேலையை இன்னார் பார்ப்பார்.

ஒரு நாள் என்று எழுதிவிட்டேன், நாளைக்கும் முடியாது போலிருக்கிறது. மறுபடியும் இரண்டு செய்தியா?

ஆம், ஆனால் மறுநாள் காலையில் அல்ல, முதல் நாள் மாலையிலேயே. மாலை 6 மணிக்குத் தெரிந்தால் மேலாளரால் நாளைய வேலையை நிதானமாக இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். காலை 9 மணிக்குத் தெரிந்தால் அகப்பட்டவர் கையில் திணிக்கத்தான் முடியும். அவருக்கு எழுதுவதில் நேற்றைய செய்தியில் சொல்லாமல் விட்ட வேலை ஏதாவது நாளைக்கு முட்டுகிறதா என்பதையும் சேருங்கள். முதல் நாளில் ஒத்திவைக்கக்கூடியதாக இருந்த வேலை இரண்டாம் நாளில் அப்படி இருக்காது, பலரும் தவறவிடுவது இதைத்தான். உறுதியாகத் தெரியாவிட்டாலும் எழுதுங்கள்: "நாளையும் வர முடியாது என்றே தோன்றுகிறது. காலை 7 மணிக்கு உறுதியாகச் சொல்கிறேன். அதுவரை நான் வர மாட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்." குழுவுக்கு நாள் மட்டும் மாறினால் போதும்: "நாளையும் விடுப்பு, இன்று சொன்ன ஏற்பாடே தொடரும்."